தேறியோர் பட்டியலில் இல்லாத ராமானுஜன்

பெரியத்தை வீட்டு மர பீரோவில் பழைய குங்குமச் சிமிழ்களோடு ஒரு மெடல் கிடக்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா பி.ஏ.வில் வாங்கியது. மாகாணத்திலேயே முதலாக வந்ததற்கு யுனிவர்சிட்டி கொடுத்த தங்க மெடல் என்று கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்ப மலர் ஒன்று போடலாம் என்று பேச்சு வந்தது. பழைய காகிதங்களைக் கிளறுகிற பழக்கம் உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் கொள்ளுத்தாத்தாவின் பக்கம் என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம்தானே, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆனது.

இதற்குப் பார்க்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்கள். காலண்டர் என்றால் சுவரில் மாட்டுவது இல்லை. ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் அச்சடித்த தடித்த புத்தகம். விதிமுறைகள், பாடத்திட்டம், கல்லூரிகள், அறக்கட்டளைப் பரிசுகள், தேறியவர்களின் பெயர்கள், பட்டதாரிகளின் பெயர்கள் எல்லாம் அதில் வரும். பல ஆண்டுகளின் காலண்டர்கள் இப்போது ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. ஆனால் தேடல் பெட்டியில் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அச்சு மங்கலாக இருக்கும், பெயரை வரி முடிவில் உடைத்திருப்பார்கள், எழுத்துக்கூட்டல் நாம் நினைத்தது போல இருக்காது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு முறை கொள்ளுத்தாத்தா அகப்படவில்லை. அவர் பெயருக்கு முன்னால் நாங்கள் போடுகிற இனிஷியல் அப்பா பெயருடையது. பட்டியலில் இருந்ததோ ஊர்ப்பெயரின் முதல் எழுத்து, பின்னால் சாதிப் பட்டம், அதுவும் ஆங்கிலேய குமாஸ்தா ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது போன்ற எழுத்துக்கூட்டலில். கல்லூரியும் ஆண்டும் பொருந்தியதால்தான் அவர் என்று பிடித்தேன். ஒரே கல்லூரியில் ஒரே இனிஷியலோடு இரண்டு சுப்பிரமணியங்கள் இருக்கிற ஊர் நம்முடையது. பெயர் மட்டும் பொருந்துவது ஒரு பொருத்தமே இல்லை. பெயர், கல்லூரி, ஆண்டு மூன்றும் சேர்ந்து, அதற்கு முந்தைய பரீட்சையும் சரியான இடைவெளியில் அதே கல்லூரியிலோ பக்கத்து ஊர்க் கல்லூரியிலோ அகப்பட்டால்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

அகப்பட்டதும் அடுத்த குழப்பம். அவர் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அந்தக் காலத்துச் சென்னை பி.ஏ. மூன்று பிரிவாக நடந்தது: ஆங்கிலம், இரண்டாம் மொழி, அப்புறம் ‘சயன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்த விருப்பப் பாடம். சரித்திரமும் தத்துவமும்கூட அந்த சயன்ஸில்தான் அடக்கம். மூன்றையும் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டியதில்லை. தனித்தனியாகத் தேறலாம், வகுப்பும் தனித்தனியாகவே போடுவார்கள். கொள்ளுத்தாத்தா தமிழில் முதல் வகுப்பு. சரித்திரத்தில் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலத்தில் அந்த வருடப் பட்டியலில் ஆளே இல்லை. அடுத்த வருடப் பட்டியலில் இருக்கிறார். ஆக, ‘பி.ஏ. முதல் வகுப்பு’ என்று வீட்டில் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மாகாணத்தில் முதல் என்பதற்கு ஆதாரம் என்று என் சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தது இன்னும் வேடிக்கை. பட்டியலை ஒருமுறை அவரும் பார்த்திருக்கிறார், அதில் கொள்ளுத்தாத்தா பெயர் மேலிருந்து இரண்டாவதாக இருந்தது. “முதல் ரெண்டுக்குள்ளே வந்திருக்காரேப்பா” என்றார். அந்தப் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் வைத்துப் பாருங்கள் சித்தப்பா என்றேன். ‘ஏ’யில் ஆரம்பித்து ‘வி’யில் முடிகிற பட்டியல் அது. அகரவரிசையை ரேங்க் என்று படித்துவிட்டார். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பழைய பட்டியல்களில் சில தகுதி வரிசையில் இருக்கும், சில அகரவரிசையில் இருக்கும், சில தேர்வு எண் வரிசையில் இருக்கும். ஒரே பக்கத்தில் முதல் வகுப்பு ஒரு வரிசையிலும் இரண்டாம் வகுப்பு வேறு வரிசையிலும் இருப்பதுண்டு. தலைப்பில் ஒரு சிறிய வரி அதைச் சொல்லும். அந்த வரி கிழிந்தோ ஸ்கேனில் விழாமலோ போயிருந்தால் முதல் பத்துப் பெயர்களையும் எண்களையும் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயர்கள் எழுத்து வரிசையில் ஏறினாலும் எண்கள் ஏறினாலும் அது ரேங்க் பட்டியல் இல்லை. இரண்டுமே தாறுமாறாக இருந்தால்தான் தகுதி வரிசை என்று யோசிக்கலாம்.

அந்த நாலு மாதத்தில் இதையே செய்துகொண்டிருந்ததால் பழைய பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் ‘முதல் மாணவராகத் தேறினார்’, ‘தோற்றார்’ என்று வருகிற இடமெல்லாம் கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. எந்தப் பட்டியலில்? யார் போட்ட பட்டியல்? கடைசியில் நான் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த ஒருவரிடம். கணித மேதை ராமானுஜன் பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ.வில் தோற்றவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் தேறியோர் பட்டியல் என்பது தேறியவர்களை மட்டும் போடுகிற பட்டியல். தோற்றவர் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. அப்படியானால் அவர் தோற்றதைப் பட்டியலை வைத்து எப்படிச் சொல்வது? பெயர் இல்லை என்பதை வைத்துத்தானே? பெயர் இல்லாமல் போக எத்தனை காரணம் இருக்கிறது என்பதற்கு ராமானுஜனை விட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

முதலில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடங்கள். 1897 நவம்பரில் தொடக்கநிலைப் பரீட்சை எழுதி, தஞ்சாவூர் ஜில்லாவில் தேறியவர்களில் முதலாவதாக வந்தார். இது மாகாணம் இல்லை, ஜில்லா. பல்கலைக்கழகத்துக்கு இதில் சம்பந்தமே கிடையாது, காலண்டரில் தேடினால் நேரம்தான் வீண். ஆனால் இந்த ‘முதல்’ என்ற சொல்லை நான் தயக்கமில்லாமல் நம்புகிறேன். அதன் பலனாகக் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1898 முதல் 1903 வரை அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. பாதிச் சம்பளத்தை ஒரு பள்ளிக்கூடம் ஐந்தாறு வருடம் விட்டுக்கொடுக்கிறது என்றால் அதற்கு ஒரு தாள் இருந்திருக்க வேண்டும், வருடாவருடம் ஒரு கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துப் பதிந்திருக்க வேண்டும். பெருமைக்குச் சொல்கிற ரேங்கை விட காசு சம்பந்தப்பட்ட ரேங்க் கெட்டியானது.

1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன். இதுதான் பல்கலைக்கழகப் பரீட்சை, இதில்தான் அவர் பெயர் பல்கலைக்கழகத் தேறியோர் பட்டியலுக்குள் நுழைகிறது. பரீட்சை 1903 டிசம்பரில் நடந்தால் முடிவு அடுத்த வருடம்தான் வரும். அதனால் ஒரு நூலில் 1903 என்றும் இன்னொன்றில் 1904 என்றும் பார்த்து, இரண்டில் ஒன்று தப்பு என்று சண்டை போட வேண்டாம். பரீட்சை ஆண்டு, முடிவு வந்த ஆண்டு, காலண்டரின் முகப்பில் போட்ட ஆண்டு மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம். பட்டம் என்றால் பட்டமளிப்பு விழா ஆண்டு நாலாவதாக வந்து சேரும். பெயரைத் தேடும்போது முன்னால் ஒரு வருடம், பின்னால் இரண்டு வருடம் புரட்டிவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பட்டத்தை நான் முதலில் தவறவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1904 ஜனவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. முதல் வருட வகுப்பில் சேர்ந்தார். சுப்பிரமணியம் உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி உள்ளவருக்குக் கொடுப்பது அது. ஆங்கிலத்தால் கெட்டவர் என்று நாம் நினைக்கிற ஆள், கல்லூரிக்குள் நுழையும்போது ஆங்கிலத்துக்கும் சேர்த்துத்தான் உதவித்தொகை வாங்கியிருக்கிறார். அதே வருடம் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசும் அவருக்குத்தான். அது பள்ளிக்கூடத்துப் பரிசு. பின்னால் எழுதியவர்கள் சிலர் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லும்போது எது பள்ளிக்கூடம், எது ஜில்லா, எது பல்கலைக்கழகம் என்ற வேறுபாடு கரைந்துவிடுகிறது.

இதற்கு அப்புறம்தான் மௌனம். எஃப்.ஏ. இரண்டு வருடப் படிப்பு. பல்கலைக்கழகப் பரீட்சை இரண்டாம் வருட முடிவில். முதல் வருட முடிவில் நடப்பது கல்லூரியே வைக்கிற பரீட்சை. அதில் தேறினால் மேல் வகுப்புக்கு ஏற்றுவார்கள். ராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் மேல் வகுப்புக்கு ஏற்றப்படவில்லை, உதவித்தொகையும் நின்றது. பேச்சுவழக்கில் இதை எஃப்.ஏ. ஃபெயில் என்கிறோம். ஆனால் 1904 முடிவில் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அவர் எதையும் எழுதவே இல்லை, தோற்கவும் இல்லை. அந்த ஆண்டு எஃப்.ஏ. பட்டியலில் அவரைத் தேடுகிறவர், அவர் எழுதாத பரீட்சையில் தேடுகிறார்.

1905. ஒழுங்காகப் படித்திருந்தால் டிசம்பரில் பரீட்சைக்குப் போயிருக்க வேண்டிய வருடம். உதவித்தொகை போன பிறகு வீட்டை விட்டுத் தெலுங்கு தேசத்துக்குப் போய்விட்டார். செப்டம்பர் 2-ஆம் தேதி ‘தி இந்து’வில் காணவில்லை என்று அறிவிப்பு வந்தது. பரீட்சை முடிவு தேடுகிறவர்கள் பொதுவாக இந்த மாதிரிப் பத்தியைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தார் என்று சொல்கிற தாள் பரீட்சைப் பட்டியலுக்கு உரை மாதிரி. திரும்பி வந்து கல்லூரியில் மறுபடி சேர்ந்தார், ஆனால் வருகை போதவில்லை. டெர்ம் சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கல்லூரி அவரைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. 1905 பட்டியலிலும் பெயர் இல்லை, இந்த முறை காரணம் வருகைப்பதிவு. இன்றைக்கும் ‘அட்டெண்டன்ஸ் லாக்’ ஆன பையனை ஃபெயில் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான்.

1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு சரியில்லாமல் கும்பகோணம் திரும்பினார். 1927-இல் கேம்பிரிட்ஜ் அச்சகம் வெளியிட்ட அவருடைய ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பின் முன்னால் சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதிய குறிப்பு இருக்கிறது. இருவரும் அவரை நேரில் அறிந்தவர்கள். சேஷு ஐயர் கும்பகோணம் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராகவே இருந்தவர். அந்தக் குறிப்பு 1906-இல் நோயோடு ஊர் திரும்பியதைச் சொல்லிவிட்டு, 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ. எழுதித் தோற்றார் என்று ஒரே ஒரு தோல்வியைத்தான் சொல்கிறது. பின்னால் வந்த வாழ்க்கை வரலாறுகளில் 1906 டிசம்பரிலும் பச்சையப்பன் மாணவராக எழுதித் தோற்றார் என்று இருக்கிறது. ஒரு தோல்வியா, இரண்டா?

இந்த இடத்தில் தேறியோர் பட்டியல் கையை விரித்துவிடும். எழுதித் தோற்றாலும் எழுதாமலே இருந்தாலும் பட்டியலில் வித்தியாசம் தெரியாது. இதைத் தீர்க்கிற தாள்கள் வேறு: பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்களின் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பரீட்சைக் கட்டணம் கட்டிய கணக்கு, கல்லூரி பரீட்சைக்கு அனுப்பிய மாணவர் பட்டியல். இவை அச்சடித்து விற்ற புத்தகங்கள் இல்லை, அலுவலக உள்தாள்கள். கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி மற்றதில் கோட்டை விட்டார் என்று எழுதுகிறார்களே, அதற்கும் இதே கதிதான். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்பது அச்சான பட்டியலில் வராது. யாராவது அச்சான பட்டியலை ஆதாரமாகக் காட்டி மதிப்பெண் சொன்னால் அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

1907 வேறு ஒரு விஷயத்தையும் காட்டுகிறது. அந்த வருடம் அவர் எந்தக் கல்லூரியிலும் இல்லை, தனித்தேர்வர். ஒருவேளை தேறியிருந்தால்கூட, கும்பகோணம் கல்லூரியின் பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார். கல்லூரிப் பெயருக்கான இடத்தில் தனிப்படிப்பு என்று போட்டிருப்பார்கள். நான் கொள்ளுத்தாத்தாவின் ஆங்கிலப் பிரிவை ஒரு மாதம் தேடியதும் இப்படித்தான். அந்த முதல் வருடத்துக்குப் பிறகு கல்லூரியை விட்டு, ஊரில் வாத்தியாராக இருந்துகொண்டே எழுதியிருக்கிறார். நான் அவருடைய பழைய கல்லூரியின் பெயரை மட்டுமே மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஆக 1904, 1905, 1906, 1907 நாலு வருடமும் பட்டியலில் ஒரே மாதிரி வெறும் இடம். அதற்குள் கல்லூரிக்குள்ளேயே நின்றுபோனது, வருகை போதாதது, நோய், உண்மையான தோல்வி என்று நாலு வெவ்வேறு கதைகள். ‘எஃப்.ஏ.வில் திரும்பத் திரும்பத் தோற்றவர்’ என்ற ஒற்றை வரி இந்த நாலையும் ஒன்றாக உருட்டி வைத்த உருண்டை.

அவரே என்ன சொன்னார் என்று பார்ப்போமே. 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்ததாகவும், பல பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும் எழுதுகிறார். பழைய வேலை விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ‘எஃப்.ஏ. வரை படித்தவர்’ என்பது தெரிந்த சொல். தேறவில்லை என்பதன் மரியாதையான வடிவம். பின்னாளில் நம் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குட்டியாக எதையோ போட்டார்களே, அதன் அண்ணன். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலோ தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புதான் என்கிறார். துறைமுகத்துக்கு எழுதும்போது எஃப்.ஏ. உதவும், அதனால் அது இருக்கிறது. ஹார்டியிடம் அதற்கு வேலையில்லை, அதனால் காணோம். இரண்டும் பொய் இல்லை. அதே கடிதத்தில் தமக்கு வயது சுமார் 23 என்றும் எழுதினார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. அன்றைக்கு அவருக்கு 25 முடிந்திருந்தது. சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது என்பதற்காகவும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாள்களில் அவர் பெயர் திரும்ப வருவது தேர்வுப் பக்கத்தில் இல்லை. 1913 மே 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தார்கள். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. பட்டதாரிகளின் பெயர்களை மட்டும் துழாவுகிறவருக்கு இந்த ராமானுஜன் கடைசிவரை அகப்படமாட்டார்.

கேம்பிரிட்ஜுக்குப் போன பிறகும் இதே கண்ணாமூச்சி தொடர்கிறது. 1916 மார்ச்சில் அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. சரி, கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையான டிரைப்போஸ் பட்டியலில் தேடலாம் என்று போனால் அங்கேயும் இல்லை. அது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பி.ஏ. மிகப் பகு எண்கள் பற்றிய அவருடைய ஆய்வுக்காகக் கொடுத்தது, பரீட்சை எழுதி வாங்கியது இல்லை. கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கியவர் என்று மேடையில் சொல்கிறார்கள். 1916-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. என்ற பட்டமே கிடையாது, 1919-இல்தான் அதற்கு வழி செய்தார்கள். ஒருவர் வாங்கியதாகச் சொல்கிற பட்டம் அந்த வருடத்தில் இருந்ததா என்று விதிமுறைப் பக்கத்தைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பெயரைத் தேடும் முன்னால் நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

அந்த டிரைப்போஸ் பட்டியலில் ராமானுஜனைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்லர் என்பார்கள், 1909 வரை அவர்களை ஒன்று, இரண்டு என்று தகுதி வரிசையில் எண் போட்டு அறிவித்தார்கள். ஹார்டி 1898-இல் நாலாவது. ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் சம்மதிக்க வைத்த நெவில் 1909-இல் இரண்டாவது, எண் போட்ட கடைசி வருடம் அது. லிட்டில்வுட் 1905-இல் முதல், அதாவது சீனியர் ராங்லர். பட்டியலைத் திறந்து பார்த்தால் லிட்டில்வுட்டையும் மெர்சர் என்பவரையும் ஒரு அடைப்புக்குறி சேர்த்துப் பிடித்திருக்கிறது, இருவரும் சமம். லிட்டில்வுட்டின் வாழ்க்கைக் குறிப்பில் ‘சீனியர் ராங்லர்’ என்று மட்டும் இருக்கும், மெர்சர் குறிப்பிலும் அப்படியே. இரண்டையும் தனித்தனியாகப் படித்தவர் யாரோ ஒருவர் புளுகுகிறார் என்று நினைப்பார். 1899-இல் சீனியர் ராங்லர் ஆன முதல் இந்தியர் பராஞ்சபேயின் கதையும் இதுதான், அவரோடு பெர்ட்விஸில் என்பவர் சமமாக நின்றார். அதனால் பராஞ்சபேயின் பெருமை ஒரு குந்துமணியும் குறையவில்லை. ஆனால் பட்டியலைத் தட்டச்சு செய்து போடுகிறவர்கள் முதலில் தொலைப்பது அந்த அடைப்புக்குறியைத்தான். அதனால்தான் தட்டச்சுப் படியை விட்டுவிட்டு மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்கிறேன்.

மெடலுக்கு வருகிறேன். தங்கப் பதக்கம் என்றதும் மொத்தப் பரீட்சையிலும் முதல் என்று நம் மனசு தானாகப் படித்துக்கொள்கிறது. மெடல் என்பது பெரும்பாலும் யாரோ ஒரு ஜமீன்தாரோ நீதிபதியோ ஒரு தொகையைக் கட்டி வைத்து, அந்த வட்டியில் இன்ன பாடத்தில் இன்ன நிபந்தனைக்கு உட்பட்டவருக்கு என்று எழுதி வைத்தது. முதல் முயற்சியிலேயே தேறியவருக்கு, இன்ன ஜில்லாக்காரருக்கு, பெண்களில் முதலாக வருபவருக்கு என்று நிபந்தனை எப்படியும் இருக்கலாம். அதனால் மெடல் வாங்கியவர் பட்டியலில் இருந்து இரண்டு வரி மேலே போய் அறக்கட்டளையின் நிபந்தனையைப் படிக்க வேண்டும். சி. வி. ராமன் 1904-இல் பி.ஏ.வில் முதலிடம் பெற்றார், இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார் என்று இரண்டையும் அவர் குறிப்புகள் தனித்தனியாகவே சொல்கின்றன. இது சரியான முறை. ஒன்றுக்கு வகுப்புப் பட்டியல் சாட்சி, இன்னொன்றுக்கு பதக்கப் பக்கம் சாட்சி. ‘பி.ஏ. தங்கப் பதக்கம்’ என்று சுருக்கிவிட்டால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே தெரியாமல் போய்விடும்.

எங்கள் மெடலை ஒரு நாள் பெரியத்தையிடம் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முன்பக்கம் ஒரு கட்டடம், அதைச் சுற்றிக் கல்லூரியின் பெயர். பின்பக்கம் மாலை வளைவுக்குள் தமிழுக்காக என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், கீழே ஆண்டு. விளிம்பில், திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, கொள்ளுத்தாத்தாவின் பெயர் வெட்டியிருந்தது. பல்கலைக்கழகம் என்ற சொல் எங்கேயும் இல்லை. காலண்டரின் பதக்கப் பக்கத்தில் அந்த ஆண்டு அவர் பெயர் ஏன் இல்லை என்பதற்கு அந்த விளிம்பே விடை. கல்லூரி, தன் மாணவர்களுக்குள் கொடுத்த மெடல். பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் தேறியோர் பட்டியலில் இருந்த அதே விசித்திரமான எழுத்துக்கூட்டல். அதுவரை எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது, நான் பிடித்தது வேறு ஆளோ என்று. அந்த விளிம்பைப் பார்த்ததும் அது போனது.

கடைத்தெரு பத்தர் உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்துவிட்டு, “வெள்ளிங்க, மேலே தங்க முலாம்” என்றார். ஓரத்தில் முலாம் தேய்ந்து வெள்ளை தெரிந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன், சொல்லவில்லை.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி. இன்ன ஆண்டு பி.ஏ. தமிழ்ப் பிரிவில் முதல் வகுப்பு; அதே ஆண்டு சரித்திரம்; அடுத்த ஆண்டு தனித்தேர்வராக ஆங்கிலம்; கல்லூரியில் தமிழுக்கான மெடல். சித்தப்பாவுக்கு வருத்தம். ஆங்கிலத்தில் ஒரு தடவை தவறியதை ஏன் எழுத வேண்டும் என்றார். தவறினார் என்று நான் எழுதவில்லை, அடுத்த ஆண்டு தேறினார் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அந்த முதல் வருடம் அவர் எழுதித் தோற்றாரா, எழுதவே இல்லையா என்பதைப் பட்டியல் சொல்லாது என்று ராமானுஜன் கதையை அவருக்கு அரை மணி நேரம் சொன்னேன்.

பெரியத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெடலை வாங்கி முந்தானையில் துடைத்தார்.

“அப்போ இது காலேஜ்ல குடுத்ததா தம்பி?”

“ஆமாம் அத்தை.”

“தமிழுக்கா?”

“தமிழுக்குத்தான்.”

“அதான் எங்க தாத்தா கோபம் வந்தாக்கூட வெண்பாவிலேயே திட்டுவாராம்” என்று சொல்லி, மெடலைச் சிமிழ்களுக்கு நடுவில் பழைய இடத்திலேயே வைத்து பீரோவைப் பூட்டினார்.